மோடத்துக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் கண்ணாடி

தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் ஃபைபர் கேபிள் பார்வைக்குத் தட்டையான கறுப்பு ஒயர்தான். அதன் இரு ஓரங்களிலும் இரண்டு விறைப்பான கம்பிகள் ஓடும். சில கேபிள்களில் அவை இரும்பு, சிலவற்றில் கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக். நடுவில் படுத்திருக்கும் ஒற்றை இழைதான் சரக்கு. மேற்பூச்சை உரித்தால் அதன் தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள்ளும் ஒளி ஓடும் வழி ஏறக்குறைய 9 மைக்ரான் மட்டுமே. ஓரக் கம்பிகள் இருப்பதால் கேபிளைக் கையில் எடுக்கும்போது உறுதியாகத் தெரியும். செம்புக் கம்பியைக் கையாண்டு பழகியவர்கள் அந்த உறுதியை நம்பி இதையும் மடக்குகிறார்கள், ஆணி அடித்து இறுக்குகிறார்கள், கதவிடுக்கில் விட்டு மூடுகிறார்கள். செம்பு மடங்கினாலும் மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி மடங்கினால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும்.

எவ்வளவு கசிகிறது என்பதை வீட்டிலிருந்தே பார்க்க முடியும். எதையும் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் `192.168.1.1`. அதை உலாவியில் தட்டி உள்ளே போனால் `PON` அல்லது `Optical` என்ற பக்கத்தில் `Rx Power` என்று ஓர் எண் தெரியும். உங்கள் மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு மில்லிவாட் ஒளியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்கிறார்கள். -20 என்றால் மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. எண் மூன்று இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள்.

தெருவில் ஓர் இழையின் ஒளியை 32 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். அந்தப் பிரிப்பு மட்டுமே 17 டெசிபல் அளவுக்குத் தின்றுவிடும். ஆகவே நல்ல இணைப்புள்ள வீட்டுக்கே -18 முதல் -22 வரைதான் வந்து சேரும். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் ஜிபான் வகை மோடம் -27 வரை படித்துக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் தடுமாறத் தொடங்கும். ஆக, வீட்டுக்குள் நாம் செலவழிக்க மிஞ்சுவது ஐந்தாறு டெசிபல்தான். ஒரு கூர்மையான மடிப்பும் ஓர் அழுக்கு முனையும் சேர்ந்தால் அது முழுவதும் போய்விடும். இணைப்புக் கொடுத்த அன்று அந்த எண்ணைக் கேட்டு, சுவர்ப் பெட்டியின் மூடியிலேயே பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள். பிறகு வரும் எந்தக் கோளாறிலும் அதோடு ஒப்பிட்டுத்தான் எதையும் சொல்ல முடியும்.

எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்து வீடொன்றில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். பகலெல்லாம் நெட் ஒழுங்காக வரும். மாலை ஆறரை மணிக்கு மேல் `LOS` என்ற சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும், படம் நின்று நின்று ஓடும். "தம்பி, சாயங்காலம் எல்லாரும் பாக்கறதால லைன் நெருக்கடியா இருக்குமோ?" என்று அந்த அக்கா கேட்டார். வந்திருந்த இளைஞர், "நெருக்கடின்னா வேகம்தான்க்கா குறையும், சிவப்பு லைட் எரியாது. லைட்டு எரியுதுன்னா வெளிச்சமே வரலைன்னு அர்த்தம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் பாதி நோய் தெரிந்துவிட்டது. சிவப்பு விளக்கு இல்லாமல் வெறும் வேகக் குறைவு என்றால் வைஃபையையோ நிறுவனத்தின் நெரிசலையோ சந்தேகிக்கலாம். சிவப்பு விளக்கு என்றால் கேபிள், கனெக்டர் அல்லது தெருவில் ஏதோ ஒன்று.

சுவர்ப் பெட்டி மூடியில் பழைய எண் இருந்தது: -19.4. பகலில் பார்த்தபோது -21.6. மாலையில் -27.8. பகலுக்கும் மாலைக்கும் 6.2 டெசிபல் வித்தியாசம் என்றால், பகலில் வந்த ஒளியில் கால்வாசிதான் மாலையில் வருகிறது. மாலையில் அந்த வீட்டில் என்ன மாறுகிறது? கொசு வரும் முன் ஜன்னலைச் சாத்துகிறார்கள். கேபிள் அந்த நகரும் ஜன்னலின் அலுமினியத் தடத்தின் வழியாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்ததும் எண் -21.6க்கு ஏறியது. மூடியதும் இறங்கியது. எந்தக் கருவியும் இல்லாமல், எதையும் கழற்றாமல், ஜன்னலை இரண்டு தடவை நகர்த்தியே இடத்தைப் பிடித்தாகிவிட்டது.

எவ்வளவு வரை வளைக்கலாம் என்பதற்கு உலகளாவிய வரையறை உண்டு. பழைய வகை இழைகளை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல்தான் சுற்ற வேண்டியிருந்தது. வீட்டு மூலைகளில் அது நடக்கிற காரியம் இல்லை என்பதால், வளைவைத் தாங்கும் இழைகளுக்கான ஜி.657 என்ற பரிந்துரையை சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்டது. அதில் ஏ1 என்ற பிரிவு 10 மில்லிமீட்டர் ஆரம் வரைக்கும், ஏ2 என்ற பிரிவு 7.5 மில்லிமீட்டர் வரைக்கும் உரியது. கேபிளின் மேலேயே நீள அளவோடு இந்தப் பிரிவும் அச்சடிக்கப்பட்டிருப்பது உண்டு. தேடிப் பாருங்கள்.

ஆனால் இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுற்றலாம் போல" என்று முடிவு கட்டக் கூடாது. முதலாவது, 7.5 மில்லிமீட்டரில் ஒரே ஒரு சுற்றுக்கே 1550 நானோமீட்டர் ஒளியில் அரை டெசிபல் வரை இழப்பை அந்தப் பரிந்துரை அனுமதிக்கிறது. மிச்சக் கேபிளை எட்டுச் சுற்றாகச் சுருட்டினால் கணக்கு என்னவாகும் என்று பெருக்கிப் பாருங்கள். இரண்டாவது, அந்த எண்கள் இழைக்கு உரியவை. மேலே உறையும் ஓரக் கம்பிகளும் உள்ள முழுக் கேபிளுக்கு அல்ல. ஓரக் கம்பி பிளாஸ்டிக் வகை என்றால் சட்டென்று மடக்கும்போது நொறுங்கும். இரும்பு என்றால் மடிந்த இடத்தில் அப்படியே நின்றுவிடும். இரண்டிலும் உள்ளே இருக்கும் இழையின் மேல் விளிம்பு குத்தும். வீட்டுக்குள் பொருத்திய தட்டைக் கேபிளுக்கு 3 சென்டிமீட்டர் ஆரம், அதாவது 6 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை. உள்ளங்கை அகலச் சுருள் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். இழுத்துக்கொண்டே வளைக்கும்போது அதைப் போல இரு மடங்கு விட வேண்டும். தட்டைக் கேபிள் தட்டையான பக்கமாகத்தான் வளையும். விளிம்பு வாக்கில் வளைக்கப் போனால் முறுக்கிக்கொள்ளும்.

மூன்றாவது காரணம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, வீடுகளில் அதிகம் தெரியாததும் அதுவே. ஒளி கசியவில்லை என்பதாலேயே கண்ணாடி நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. வளைந்த கண்ணாடியின் வெளிப்புறம் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் உண்டு. இழுவிசையும் காற்றின் ஈரமும் சேர்ந்து அந்தக் கீறல்களை நாளாக நாளாக ஆழப்படுத்தும். இன்று எண் சரியாகவே காட்டும். மாதங்கள் கழித்து ஒரு நாள், யாரும் தொடாதபோதே, இழை முறிந்துவிடும். புதிய வகை இழைகள் ஒளியைக் கசியவிடாமல் காக்கும் அளவுக்கு, இந்த முறிவைத் தடுப்பதில்லை. மடித்து ரப்பர் பேண்டு போட்ட கேபிள் "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்ல வைப்பது இப்படித்தான்.

அதே காரணத்தால் இறுக்கமும் ஆகாது. சுவரில் கிளிப் அடிக்கும்போது கேபிள் கிளிப்புக்குள் தளர்வாக நகர வேண்டும். பிளாஸ்டிக் டையைக் கட்டினால் விரலால் தள்ளினால் நகரும் அளவுக்கு விடுங்கள். பீரோவுக்குப் பின்னாலும் கட்டில் காலுக்கு அடியிலும் போகும் கேபிளை இடம் மாற்றிவிடுவது நல்லது. மோடத்துக்குப் பின்னால் கனெக்டர் செருகிய இடத்திலிருந்து கேபிள் கொஞ்ச தூரம் நேராக வந்த பிறகே வளைய வேண்டும். மோடத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டால் மிக மோசமான மடிப்பு விழுவது அங்கேதான்.

அந்த அக்கா வீட்டுக்குத் திரும்புவோம். ஜன்னல் விவகாரம் தீர்ந்த பிறகும் -21.6தான். பழைய -19.4க்கு இன்னும் 2.2 டெசிபல் குறை. அதாவது வரவேண்டிய ஒளியில் நாற்பது சதவீதம் எங்கோ போகிறது. சுவர்ப் பெட்டியிலிருந்து மோடத்துக்குப் போகும் பேட்ச் கார்டில் சுருள் பெரிதாகவே இருந்தது, மடிப்பு எதுவும் இல்லை. கழற்றிப் பார்க்கும் நிலை அப்போதுதான் வந்தது. ஒரு மாதத்துக்கு முன் வெள்ளையடித்தபோது மோடத்தைக் கழற்றி வைத்ததாக அக்கா சொன்னார். கனெக்டரை மூடி போடாமல் தொங்கவிட்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தூள் பறக்கும் அறையில் இரண்டு நாள்.

பச்சை நிறச் சதுரக் கனெக்டரின் நுனியில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருப்பது பீங்கான் குழல், 2.5 மில்லிமீட்டர் தடிமன். அதன் முகத்தின் நடுவில்தான் அந்த 9 மைக்ரான் ஒளிவழி முடிகிறது. இரு கனெக்டர்கள் செருகப்படும்போது உள்ளிருக்கும் சுருள்வில் இரண்டு முகங்களையும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையில் அழுத்திச் சேர்க்கிறது. இடையில் ஒரு சுண்ணாம்புத் துகள் மாட்டிக்கொண்டால் அது ஒளியை மறைப்பதோடு நிற்காது. நசுங்கிக் கண்ணாடியில் பதியும், குழி பறிக்கும், எதிர்முகத்தையும் கெடுக்கும். பேட்ச் கார்டு கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். மோடத்துக்குள் இருக்கும் முகம் கெட்டால் மோடத்தையே மாற்ற வேண்டும். எனவே செருகும் முன்பு சுத்தம் செய்ய வேண்டும். செருகிப் பார்த்துவிட்டு, வரவில்லை என்றதும் கழற்றித் துடைப்பது தலைகீழ் வரிசை.

தூசி மூடி சிறியது, தொலைந்தால் யாரும் தேடுவதில்லை. கழற்றிய அந்தக் கணமே கனெக்டருக்கு ஒன்று, மோடத்தின் துளைக்கு ஒன்று என்று இரண்டையும் போட வேண்டும். செருகியிருக்கும் காலத்தில் மூடிகளைச் சட்டைப் பையிலோ மேசை டிராயரிலோ போடாதீர்கள். நூலும் பொடியும் உள்ளே புகுந்து, அடுத்த முறை மூடும்போது அதே அழுக்கை முகத்தில் அப்பிவிடும். சின்ன ஜிப் கவரில் போட்டு மோடத்தின் பக்கத்தில் ஒட்டி வைத்தால் போதும். மூடி போட்டிருந்ததால் உள்ளே சுத்தம் என்றும் நம்ப வேண்டாம். மூடியைச் செய்த அச்சின் மெழுகுப் படிவும் துகளும் அதன் உட்புறத்திலேயே இருக்கலாம். இடிபடாமலும் கீறாமலும் காப்பதுதான் மூடியின் வேலை. மூடியைக் கழற்றிய பிறகும் செருகும் முன் ஒரு முறை சுத்தம் செய்தே ஆக வேண்டும். மூடி தொலைந்துவிட்டால் செலோ டேப்பை ஒட்டிவைக்கக் கூடாது. அதன் பசை முகத்தில் தங்கிவிடும்.

இனி கழற்றும் விதம். முதலில் மோடத்தின் மின்சாரத்தை நிறுத்துங்கள். அதனால் மோடம் அனுப்பும் ஒளி நிற்கும். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து வரும் ஒளி நிற்காது, கேபிள் முனையில் அது எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். அதன் அலைநீளம் 1490 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. எனவே முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கவே கூடாது. கைப்பேசி கேமராவில் பார்த்து, "வெளிச்சமே இல்லை" என்று சொல்பவர்களும் உண்டு. டிவி ரிமோட்டின் ஒளி சில கேமராக்களில் தெரிவதால் வந்த பழக்கம் அது. கேமராவின் சிலிக்கானால் 1100 நானோமீட்டருக்கு மேல் எதையும் பார்க்க இயலாது. கேமராவில் தெரியவில்லை என்பது எதற்கும் சான்று அல்ல.

கனெக்டரின் சதுர உடலை இரண்டு விரலால் பிடித்து நேராக இழுங்கள். கேபிளைப் பிடித்து இழுக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் கேபிளின் முனையில் பெரும்பாலும் அங்கேயே கையால் மாட்டிய கனெக்டர்தான் இருக்கும். அதற்குள் இழையை ஒட்டவில்லை, கவ்வி மட்டுமே பிடித்திருக்கிறது. நடுவில் ஒரு துளி பசைக்குழம்பு ஒளியைக் கடத்துகிறது. கேபிளை இழுத்தால் இழை ஒரு மயிரளவு பின்வாங்கிவிடும். வெளியில் எல்லாம் சரியாகவே தெரியும், ஒளி மட்டும் குறைந்திருக்கும். இந்தக் கனெக்டரை எந்தத் திரவத்திலும் முக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

சுத்தம் செய்யப் பேனா வடிவில் ஒரு கருவி விற்கிறார்கள், 2.5 மில்லிமீட்டர் அளவு என்று கேட்டு வாங்க வேண்டும். அதன் முன்மூடியைத் திறந்து, கனெக்டரின் வெள்ளை முனையை நேராகச் செருகி, கிளிக் என்ற சத்தம் வரும் வரை அழுத்தினால் உள்ளே ஒரு மெல்லிய துணி நாடா முகத்தைத் துடைத்துக்கொண்டு நகரும். ஒவ்வொரு முறையும் புதிய நாடா வருகிறது என்பதே இதன் சிறப்பு. ஒன்று அல்லது இரண்டு கிளிக் போதும். வீட்டில் முதலில் செய்ய வேண்டியது இந்த உலர் சுத்தம். பாதி அழுக்கு ஈரம் படாமலே போய்விடும்.

விரல் பட்டு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் திரவம் வேண்டும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும், நூல் பிரியாத லென்ஸ் துடைப்புத் தாளும் தேவை. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத வகையில் மீதி தண்ணீர், அது காய்ந்து படலமாக நிற்கும். கைச் சுத்திகரிப்பு திரவத்தில் கிளிசரின் இருக்கும், அதையும் தொடக் கூடாது. தாளை நான்காக மடித்து ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு துளி விடுங்கள். ஈரமான இடத்தில் முகத்தை வைத்து உலர்ந்த பக்கம் நோக்கி ஒரே நேர்க்கோட்டில் ஒரு தடவை இழுங்கள். திரும்பி வரக் கூடாது, வட்டமாகத் தேய்க்கவும் கூடாது. போன வழியில் சேர்ந்த அழுக்கை அது மறுபடி முகத்தில் பூசும். பச்சைக் கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது என்பதால், கனெக்டரையும் சற்றுச் சாய்த்துப் பிடித்தால்தான் முகம் முழுவதும் தாளில் படியும். பிறகு பேனாவால் ஒரு கிளிக், உடனே செருகிவிட வேண்டும். சட்டை ஓரம், வேட்டி நுனி, காதுக் குச்சிப் பஞ்சு எல்லாமே நூலை விட்டுச் செல்லும். வாயால் ஊதுவது அதைவிட மோசம், எச்சில் ஈரம் படிந்து காய்ந்துவிடும். மோடத்தின் துளைக்குள் எதையும் நுழைக்காமல் பணியாளரிடம் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

செருகும்போது நிறத்தைப் பாருங்கள். பச்சை முகம் சாய்வானது, நீல முகம் நேரானது. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால் இடையில் ஆப்பு வடிவ இடைவெளி விழுந்து ஒளி பெருமளவு வீணாகும். சில மோடங்களின் துளை நீலம். அவற்றுக்கு ஒரு முனை பச்சையும் மறுமுனை நீலமுமான பேட்ச் கார்டு தருவார்கள். கடையில் புதிதாக வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்.

அக்கா வீட்டுப் பேட்ச் கார்டின் இரு முனைகளையும் அந்த இளைஞர் பேனாவால் சுத்தம் செய்து செருகினார். எண் -19.7 காட்டியது. அதோடு விட்டிருக்கலாம், ஆனால் ஜன்னல் தடத்தில் நசுங்கிய இடம் அவருக்குப் பிடிக்கவில்லை. "இன்னைக்கு வரும்க்கா. இந்த நசுங்கல் என்னைக்கு முறியும்னு சொல்ல முடியாது" என்றார். மறுநாள் சுவரில் துளையிட்டு, மழைநீர் வழிந்து உள்ளே வராதபடி துளையை வெளிப்பக்கம் சரிவாக அமைத்து, வெளியே கேபிளில் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டு, நசுங்கிய பகுதியை வெட்டி எறிந்து புதுக் கனெக்டர் மாட்டினார். எண் -20.1 வந்தது. புது இணைப்பில் அரை டெசிபல் போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அந்த எண்ணையும் தேதியையும் மூடியில் பழைய எண்ணுக்குக் கீழே எழுதிவிட்டுப் போனார்.

வெட்டிய துண்டுகளை அவர் செலோ டேப்பில் ஒட்டி எடுத்து ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டுக்கொண்டார். உரித்த இழையின் சில்லு கண்ணுக்கே தெரியாது, ஆனால் காலில் ஏறினால் எடுப்பது கடினம். கேபிள் அறுந்து கண்ணாடி வெளியே தெரிந்தால், குழந்தைகளை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, துடைப்பத்தால் பெருக்காமல் டேப்பால் ஒற்றி எடுங்கள். முனைகளைச் சேர்த்து டேப் சுற்றுவதால் ஒளி போகாது, பணியாளருக்குத்தான் வேலை கூடும். தெருவில் கம்பத்திலிருந்து கேபிள் அறுந்து மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு தொங்கினால், உள்ளே இரும்புக் கம்பி இருக்கலாம் என்பதை நினைவில் கொண்டு, அதன் அருகே போகாமல் முதலில் மின்வாரியத்துக்குத் தகவல் கொடுங்கள்.